மின்வெட்டு இரவில் திறக்காத பக்கம்: வீட்டு முதலுதவிச் செயலி பற்றிய எங்கள் அனுபவம்

2022 மார்ச் மாதத்தின் கடைசி நாட்களில் கொழும்பில் மின்வெட்டு நாளொன்றுக்கு 10 மணித்தியாலங்களையும் தாண்டியிருந்தது. சமையல் எரிவாயுவும் கிடைக்காததால், மின்சாரம் வருகிற நேரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துக்கொள்வது வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியிலிருந்த எல்லா வீடுகளிலும் வழக்கமாகியிருந்தது. அப்படி ஊற்றி வைத்த தண்ணீரில் மாமிக்குத் தேநீர் கலந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சீனிப் பேணியை எடுக்கத் திரும்பினேன். அந்தச் சில விநாடிகளில், நான்கு வயதாகியிருந்த என் மகன் மேசை விரிப்பைப் பிடித்து இழுத்துவிட்டான். தேநீர் முழுவதும் அவனுடைய இடது முன்கையிலும் நெஞ்சின் ஒரு பக்கத்திலும் கொட்டியது.

அவனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். குழாயைத் திறந்து கையை நீட்டிப் பிடித்தபோது தண்ணீர் நன்றாகவே வந்தது. ஆனால் சில நிமிடங்களில் அது நூல் போல மெலிந்து நின்றுவிட்டது. மின்சாரம் இல்லாததால் கீழ்த்தளத்து மோட்டார் பல மணி நேரமாக இயங்கவில்லை என்பதும், மொட்டை மாடித் தாங்கியில் இருந்ததை எல்லா வீட்டாரும் பயன்படுத்தி முடித்துவிட்டார்கள் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமி பற்பசையோடு வந்து, "இதைப் பூசு பிள்ளை, எரிவு அடங்கும்" என்றார். அவர் வளர்ந்த வீட்டில் அதுதான் வழக்கம். எனக்கு அது சரியா பிழையா என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் தொலைபேசியை எடுத்தேன்.

அதில் ஒரு முதலுதவிச் செயலி இருந்தது. மகன் பிறந்த வருடத்தில், இணையம் இல்லாமலும் இயங்கும் என்ற விவரத்தைப் பார்த்து நான் இறக்கி வைத்தது. திறந்தவுடன் தலைப்புகளின் பட்டியல் வந்தது. தீக்காயம் என்ற தலைப்பைத் தொட்டேன். வெள்ளைத் திரையின் நடுவில் ஒரு சிறிய வட்டம் சுற்றத் தொடங்கியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அரை நிமிடத்தின் பின் இணைய இணைப்பைச் சரிபார்க்குமாறு ஒரு வரி வந்தது. அருகிலிருந்த கோபுரத்துக்கும் மின்சாரம் இல்லாமல் போயிருக்க வேண்டும், டேட்டா அடையாளம் மறைந்திருந்தது. திரையின் அடியில் அவசர அழைப்புக்கென்று ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதைத் தொட்டபோது திரையில் விழுந்த இலக்கம் வேறொரு நாட்டுக்குரியது.

அதற்குப் பிறகு நான் செய்தவை இரண்டும் பிழையானவை. குளிர்சாதனப் பெட்டியில் உருகிக்கொண்டிருந்த பனிக்கட்டியைத் துவாயில் சுற்றி அவன் கையில் வைத்தேன். அவனுடைய வெள்ளிக் காப்பைக் கழற்றாமல் விட்டேன். கீழ்வீட்டு அண்ணாவின் முச்சக்கர வண்டியில் கொஞ்சம் பெற்றோல் மிஞ்சியிருந்ததால், அதிலேயே பொரளையிலுள்ள சிறுவர் வைத்தியசாலைக்குப் போனோம். அங்கே தாதி முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை நிமிடம் தண்ணீர் விட்டீர்கள்?" என்பதுதான். நான்கு, ஐந்து நிமிடம் இருக்கலாம் என்றேன். 20 நிமிடம் விட்டிருக்க வேண்டும் என்று சொல்லி, அப்போதே கையைக் குழாயின் கீழ் பிடித்து மீண்டும் தண்ணீர் விட்டார். சுட்டு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. மூன்று மணித்தியாலத்துக்குள் குளிர்வித்தால் இன்னும் பயனுண்டு என்பதை அவரிடமிருந்துதான் அறிந்தேன். அதற்குள் மணிக்கட்டு வீங்கிக் காப்பு தோலில் பதிந்திருந்தது. சவர்க்காரம் தடவி, பிள்ளை அலற அலற அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. காயம் மேலோட்டமானதாக இருந்ததால் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது. நெஞ்சில் வெளிறிய ஓர் அடையாளம் மட்டும் பல மாதம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த பின், எனக்குத் தெரியாமல் போனவற்றுக்கான காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். சூடான பொருள் தோலை விட்டு அகன்ற பிறகும், தோலுக்குள் இறங்கிய வெப்பம் உடனே அடங்குவதில்லை. அது ஆழமான அடுக்குகளைத் தொடர்ந்து பாதிக்கிறது. ஓடும் குளிர்ந்த தண்ணீர் அந்த வெப்பத்தை மெல்ல மெல்ல எடுத்துச் செல்கிறது, அதற்குத்தான் 20 நிமிடம் வேண்டும். பனிக்கட்டி இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்து, ஏற்கெனவே பாதிக்கப்பட்ட தோலுக்கு இரத்தம் போவதைக் குறைக்கிறது. அதனால் காயம் மேலும் ஆழமாகலாம், சிறு பிள்ளையின் உடல் வெப்பமும் இறங்கிவிடலாம். பற்பசை, நெய், தேங்காயெண்ணெய் ஆகியவை உள்ளேயுள்ள வெப்பத்தை எடுப்பதில்லை. வைத்தியர் காயத்தின் ஆழத்தைப் பார்ப்பதற்கு அவற்றைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும், அந்த வலியும் பிள்ளைக்குத்தான். இதை மாமியிடம் பக்கத்தில் இருந்து விளக்கியபோது, அவர் வாதாடவில்லை. "எங்களுக்கு ஆரும் இப்படிச் சொல்லித் தரேல்லையே" என்றார். அந்த வார்த்தை எனக்குள் நெடுநாள் நின்றது. அன்றைக்கு எனக்கும் சொல்லித் தர எவரும் இருக்கவில்லை. சொல்லித் தர வேண்டிய செயலியும் திறக்கவில்லை.

மகனின் காயம் ஆறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவரும் நானும் அமர்ந்து நான்கு முதலுதவிச் செயலிகளை இறக்கிச் சோதித்தோம். சோதனை மிகவும் எளிமையானது. வீட்டு இணையத்தில் செயலியை நிறுவி, ஒரு தடவை திறந்து, உள்ளே தனியாக இறக்க வேண்டிய பகுதி ஏதேனும் இருந்தால் அதையும் இறக்கினோம். பிறகு தொலைபேசியை அணைத்து மீண்டும் போட்டு, விமானப் பயன்முறையை இயக்கி, வை-ஃபை நிற்கிறதா என்றும் பார்த்துக்கொண்டு, தீக்காயம், இரத்தப்போக்கு, மயக்கம் ஆகிய மூன்று தலைப்புகளையும் கடைசிப் படி வரைக்கும் திறந்தோம். அணைத்துப் போடுவது முக்கியம். சற்று முன்னர் பார்த்த பக்கம் தொலைபேசியின் நினைவில் தற்காலிகமாகத் தங்கியிருந்து, இணையமின்றியே திறப்பது போலத் தோன்றலாம். நான்கில் ஒன்று பட்டியலோடு நின்றுவிட்டது, என்னைக் கைவிட்ட செயலியும் அதுதான். இன்னொன்றில் எழுத்து வந்தது, படங்கள் வரவில்லை. கையை எங்கே வைப்பது என்று படம்தான் காட்ட வேண்டிய நெஞ்சழுத்தப் பகுதியில் வெறும் சாம்பல் நிறக் கட்டங்களே இருந்தன. மற்ற இரண்டும் முழுமையாகத் திறந்தன.

முழுமையாகத் திறந்த அவ்விரண்டும் பிரித்தானிய, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கங்களின் முதலுதவிச் செயலிகள். அவற்றின் வழிகாட்டல்கள் செயலியோடு சேர்ந்தே தொலைபேசிக்குள் இறங்கிவிடுகின்றன. அவற்றிலும் அழைப்பு இலக்கங்கள் அந்தந்த நாட்டுக்குரியவைதான்: ஒன்றில் 999, மற்றதில் 911. அது அந்தச் செயலிகளின் குறை அன்று, அவை அந்நாட்டு மக்களுக்காக எழுதப்பட்டவை. ஆனால் கொழும்பில் அவற்றை வைத்திருப்பவர், அந்தச் சிவப்புப் பொத்தான் தமக்கு உதவாது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். நாங்கள் 1990 இலக்கத்தைத் தொலைபேசியில் "அ அம்புலன்ஸ்" என்ற பெயரில் சேமித்தோம். பெயர்ப் பட்டியலில் அது முதலில் வந்து நிற்கும் என்பதுதான் அந்த "அ"வின் காரணம்.

சோதனையில் நாங்கள் எதிர்பாராத ஒரு விடயம் சில மாதங்களின் பின்னர் தெரியவந்தது. முதலுதவிச் செயலியை யாரும் நாள்தோறும் திறப்பதில்லை. புதிய அன்ட்ரொய்ட் தொலைபேசிகள் பல மாதம் திறக்கப்படாத செயலியை உறங்க வைத்து, அதன் தற்காலிகக் கோப்புகளை அழித்து, அனுமதிகளையும் திரும்பப் பெற்றுவிடுகின்றன. பக்கங்களைத் தற்காலிகக் கோப்பாக வைத்திருக்கும் செயலியாயின், ஒரு காலத்தில் இணையமின்றித் திறந்த பக்கம் பிறகு திறக்காது. இதைத் தடுப்பதற்கு அந்தச் செயலியின் விவரப் பக்கத்துக்குப் போய், `Pause app activity if unused` என்பதை அணைத்துவிட வேண்டும். சில தொலைபேசிகளில் அந்த வரியின் சொற்கள் சற்று வேறுபடும். ஐபோனில் நிலைமை இன்னும் கடினம். `Offload Unused Apps` என்பது இயங்கிக்கொண்டிருந்தால், பயன்படுத்தாத செயலியையே தொலைபேசி அகற்றிவிடும். படம் மட்டும் திரையில் மிஞ்சும், தொட்டால் மீண்டும் இணையத்திலிருந்து இறக்க முயலும். என் தங்கையின் ஐபோனில் இது உண்மையாகவே நடந்திருந்தது. நாங்கள் பரிந்துரைத்த செயலியின் படத்துக்குக் கீழே சிறிய மேகக் குறி இருந்ததை அவள் ஒரு நாளும் கவனித்திருக்கவில்லை.

திறப்பதோடு சோதனை முடிந்துவிடுவதில்லை. உள்ளே எழுதியிருப்பது சரியானதா என்பதையும் பார்க்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் செயலிகள் சிலவற்றில் யார் எழுதியது, எப்போது திருத்தியது என்ற விவரமே இல்லை. வைத்தியம் படிக்காத நாம் எல்லாவற்றையும் சரிபார்க்க முடியாது. ஆனால் மூன்று இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும் என்பது என் அனுபவம். தீக்காயத்துக்குப் பனிக்கட்டியையோ களிம்பையோ முதல் உதவியாகச் சொல்லக் கூடாது. ஓடும் தண்ணீரைச் சொல்ல வேண்டும், அதுவும் நீண்ட நேரத்துக்கு. பாம்புக்கடிக்கு வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது ஆகியவற்றைச் சொல்லக் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, விரைவாக வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்ல வேண்டும். வலிப்புக்கு வாயில் கரண்டி வைக்கவோ, கையில் இரும்பைக் கொடுக்கவோ சொல்லக் கூடாது. சுற்றியுள்ள பொருட்களை அகற்றி, வலிப்பு நின்றதும் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அம்புலன்ஸை அழைக்கச் சொல்ல வேண்டும். இந்த மூன்றில் ஒன்றிலேனும் பழைய பழக்கத்தை எழுதியிருந்த செயலியை நாங்கள் வைத்திருக்கவில்லை.

இவ்வளவு செய்த பின்னரும் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. நாங்கள் தெரிவுசெய்த செயலியில் தமிழ் இல்லை. பகல் முழுவதும் பிள்ளையோடு வீட்டில் இருப்பவர் மாமி, அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆகவே எங்கள் வீட்டுக்கான வழிகாட்டியை நாங்களே தமிழில் எழுதினோம். செயலியிலுள்ள படிகளையும் வைத்தியசாலையில் சொல்லித் தந்தவற்றையும் ஒப்பிட்டு, ஒரு விடயத்துக்கு ஒரு பக்கம் என்று எழுதி, அதைப் படமாக மாற்றி வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளிலும் சேமித்தோம். படம் என்றால் எந்தச் செயலியும் இணையமும் இல்லாமல் திறக்கும். தீக்காயப் பக்கத்தில் உள்ளவற்றை, கடைசி வரியிலுள்ள வலி மருந்தின் அளவைத் தவிர்த்து, அப்படியே தருகிறேன்.

"சூட்டிலிருந்து ஆளை விலக்கு. நனைந்த சட்டையைக் கழற்று. தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காதே. காப்பு, மோதிரம், அரைஞாண் ஆகியவற்றை உடனே கழற்று. நேரத்தைப் பார். 20 நிமிடம் ஓடும் தண்ணீர் விடு. சுடாத இடத்தைப் போர்த்திப் பிள்ளையைக் குளிராமல் வைத்திரு. கொப்புளத்தை உடைக்காதே. எதையும் பூசாதே. சுத்தமாகத் துவைத்த பருத்தித் துணியால் தளர்வாக மூடு. பிள்ளையின் உள்ளங்கையை விடப் பெரிய காயம் என்றால் வைத்தியசாலை. முகம், கை, கால், மூட்டு, பிறப்புறுப்பு என்றால் சிறியதாக இருந்தாலும் வைத்தியசாலை. மின்சாரம், அமிலம் என்றாலும் வைத்தியசாலை."

இதில் நனைந்த சட்டை பற்றிய வரி எங்களுக்கு இரட்டிப்பு முக்கியமானது. தேநீரில் ஊறிய பனியன் சூட்டைப் பிடித்து வைத்திருந்ததால்தான் நெஞ்சுக் காயம் கைக்காயத்தை விட ஆழமாக இருந்தது என்று வைத்தியர் சொன்னார். கையை மட்டும் தண்ணீரில் பிடித்திருந்த நான், அந்தப் பனியனைக் கழற்ற நினைக்கவேயில்லை.

"ஓடும் தண்ணீர்" என்பதைத் தொடர்மாடியில் எப்படிச் செயற்படுத்துவது என்பது அடுத்த கேள்வி. இதைச் செயலி எதுவும் சொல்லவில்லை, எழுதியவர்கள் குழாயில் தண்ணீர் வரும் என்றே எண்ணியிருப்பார்கள். ஒரு மாலை வெறுங்கையை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தோம். ஒரு லிற்றர் கூசாவிலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றினால் ஏறத்தாழ அரை நிமிடம் வருகிறது. அப்படியானால் 20 நிமிடத்துக்கு 40 கூசா, அதாவது 20 லிற்றர் வாளி இரண்டு போதும். கீழே ஒரு பேசினை வைத்து விழுகிற தண்ணீரைப் பிடித்துக்கொண்டால், அவசரத்தில் அதையே மறுபடியும் ஊற்றலாம். அன்றிலிருந்து குளியலறையில் மூடியிட்ட இரண்டு வாளிகள் எப்போதும் நிரம்பியிருக்கின்றன. நுளம்பு முட்டையிடாமல் இருப்பதற்காக மூடியை இறுக்கி வைத்து, வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றுகிறோம். டெங்கு பரவும் நகரத்தில் திறந்த வாளி வேறொரு நோயை அழைத்துவிடும்.

இலக்கங்களுக்கு ஒரு தனிப் பக்கம் இருக்கிறது. அதில் பல இலக்கங்களை எழுதவில்லை. அதிகம் எழுதினால் பதற்றத்தில் எதை அழைப்பது என்ற தடுமாற்றம் வரும். அம்புலன்ஸுக்கு 1990, இது சுவசெரிய சேவை, இலவசமானது. பொலிஸ் அவசரத்துக்கு 119. தீயணைப்புக்கு 110. வெள்ளம் போன்ற அனர்த்தங்களுக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம், 117. மருந்தையோ மண்ணெண்ணெயையோ பிள்ளை குடித்துவிட்டால் கேட்பதற்குத் தேசிய வைத்தியசாலையிலுள்ள நஞ்சுத் தகவல் நிலையம், 011 2686143. இந்தக் கடைசி இலக்கம் மட்டும் சாதாரண நீண்ட இலக்கம் என்பதால், அது மாறியிருக்கிறதா என்று வருடத்துக்கு ஒரு தடவை பகல் வேளையில் அழைத்து உறுதிசெய்துகொள்ளலாம். அவசர இலக்கங்களைச் சோதனைக்காக அழைக்கக் கூடாது. உண்மையில் உதவி தேவைப்படுகிற ஒருவரின் அழைப்பு அதனால் காத்திருக்கலாம்.

அந்தப் பக்கத்தின் கீழே, அழைத்ததும் என்ன சொல்வது என்பதையும் எழுதினோம். என்ன நடந்தது, யாருக்கு, என்ன வயது, மூச்சு இருக்கிறதா என்பவை முதலில். பிறகு எங்கள் விலாசம் முழுமையாக: ஒழுங்கையின் பெயர், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமா உட்பக்கமா, வீட்டு இலக்கத்தின் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண், எத்தனையாம் மாடி, எதிரிலுள்ள கடை. வெள்ளவத்தையில் ஒரே இலக்கத்துக்குப் பல சாய்கோடுகள் இருப்பதால், அந்த ஓர் எண்ணைத் தவறவிட்டாலும் வண்டி அடுத்த வாசலில் நின்றுவிடும். மின்வெட்டு நேரத்தில் லிப்ட் இயங்காது என்பதையும் சொல்ல வேண்டும், ஒருவர் டோர்ச்சோடு கீழே போய் வாசலில் நிற்க வேண்டும். மறுமுனையில் இருப்பவர் சொல்லும் வரை அழைப்பைத் துண்டிக்கக் கூடாது. டேட்டா அடையாளம் இல்லாவிட்டாலும் குரல் அழைப்பு போகக்கூடும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறோம். அந்த இரவில் செயலி திறக்கவில்லை என்றதும், தொலைபேசியே வேலை செய்யவில்லை என்று நான் எண்ணிவிட்டேன். 1990 ஐ நான் அழைத்துப் பார்க்கவேயில்லை.

மாமிக்கு எழுத்தும் போதவில்லை. மூக்குக் கண்ணாடி கைக்கு அகப்படாத நேரத்தில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவரால் தொலைபேசித் திரையை வாசிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் என் குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்து, தொலைபேசியிலேயே ஒலிப்பதிவாகச் சேமித்தேன். ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகாது. அவருடைய தொலைபேசியின் முதல் திரையில் நான்கு பதிவுகள் மட்டும் இருக்கின்றன: சுட்டால், இரத்தம் வந்தால், புரைக்கேறி மூச்சு அடைத்தால், சீனி இறங்கினால். பெயர்களை அவர் பேசுகிற சொற்களிலேயே வைத்தோம்.

நான்காவது பதிவு 2024 இல் ஓர் இரவு பயன்பட்டது, அவருக்கே பயன்பட்டது. நான் வேலை நிமித்தம் வவுனியாவில் இருந்தேன். மாமி நீரிழிவுக்கு இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரை எடுப்பவர். அன்று மாத்திரையை எடுத்துவிட்டு, பசியில்லை என்று இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்திருக்கிறார். பத்து மணியளவில் உடல் வியர்த்து, கை நடுங்கி, மகனைப் பார்த்து வேறு பெயரால் கூப்பிட்டிருக்கிறார். கணவர் ஒலிப்பதிவை இயக்கிவிட்டு அதன்படியே செய்தார். முதலில் விரல் நுனியில் குத்திச் சீனி அளவு பார்த்தார்: 54. மாமிக்கு நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது என்பதால் நான்கு தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 4 கிராம், நான்கு என்றால் 16 கிராம். பதிவிலுள்ள அளவு 15 முதல் 20 கிராம். 15 நிமிடம் காத்திருந்து மறுபடியும் பார்த்தார்: 66. 70 ஐத் தாண்டவில்லை என்பதால் அதே அளவை இன்னொரு தடவை கொடுத்தார். அடுத்த 15 நிமிடத்தில் 98. பிறகு இரண்டு துண்டு பாணும் ஒரு வாழைப்பழமும் கொடுத்தார்.

பதிவின் நடுவில் இரண்டு வரிகளை நான் அழுத்திச் சொல்லியிருக்கிறேன். மயங்கிவிட்டால், அல்லது விழுங்க முடியாவிட்டால், வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பக்கவாட்டில் படுக்க வைத்து 1990 ஐ அழைக்க வேண்டும். இந்த வகை மாத்திரை எடுப்பவருக்குச் சீனி ஏறிய பிறகும் சில மணித்தியாலங்களில் மீண்டும் இறங்கலாம் என்பதால், தனியே தூங்க விடக் கூடாது. கணவர் அன்று இரவு ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து அளவு பார்த்தார். மறுநாள் மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதித் தந்தார்.

எல்லாப் பக்கங்களையும் அச்சிட்டு, குசினி அலுமாரிக் கதவின் உட்புறத்திலும் ஒட்டியிருக்கிறோம். நீண்ட மின்வெட்டில் தொலைபேசியின் மின்னும் தீர்ந்துவிடும்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு விமானப் பயன்முறையை இயக்கிச் செயலியையும் படங்களையும் பதிவுகளையும் ஒரு தடவை திறந்து பார்க்கிறோம். ஐந்து நிமிட வேலைதான் அது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தீக்காயப் பக்கத்தின் கடைசி வரியைத் திருத்த வேண்டும். வலிக்குக் கொடுக்கும் பெரசிற்றமோல் அளவு அதில் இருக்கிறது, அது பிள்ளையின் நிறையோடு மாறுவது: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 24 மணித்தியாலத்தில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. மகன் 16 கிலோவாக இருந்தபோது 240 மில்லிகிராம் என்று எழுதியிருந்தோம். 5 மில்லிலிற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் அது 10 மில்லிலிற்றர். போத்தலுக்குப் போத்தல் செறிவு வேறுபடும் என்பதால், முகப்புத்தாளை வாசித்த பின்பே அளக்க வேண்டும் என்றும் பக்கத்தில் குறித்திருக்கிறோம். கடந்த ஞாயிறு அவனை நிறுத்துப் பார்த்தபோது 24 கிலோ. பழைய வரியை அழித்து, 360 மில்லிகிராம், 15 மில்லிலிற்றர் என்று எழுதி, புதிய படத்தை மூன்று தொலைபேசிகளிலும் மாற்றினோம். மாமியின் பதிவில் அந்த ஒரு வாக்கியத்தை இம்முறை மகனே தன் குரலில் வாசித்துத் தந்தான்.